பின் இடது சக்கரம்

கொல்லிமலை வண்டியின் டிரைவர் 'பின் இடது பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை' என்று நோட்டில் எழுதிவிட்டுப் போனார். தங்கவேல் குழிக்குள் இறங்கி, ஸ்லாக் அட்ஜஸ்டரை ஸ்பானரால் கொஞ்சம் முறுக்கி, ஐந்து நிமிடத்தில் மேலே வந்துவிட்டார்.

"அண்ணா, அது ஆட்டோ ஸ்லாக்குங்க. லைனர் தேயத் தேய தானா இறுக்கிக்கணும், இறுக்கலைன்னா உள்ளே ஏதோ போயிருச்சு. கையால முறுக்கினா மறுபடி தளரும்" என்றான் கார்த்தி. உதவிப் பொறியாளராக வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"நாலு நாள் ஓடுமில்லைங்க சார்."

"70 கொண்டை ஊசி வளைவு இருக்குங்க. வண்டியை நிறுத்துங்க."

"காலையில 4.50 டிரிப்பு. செம்மேட்டுக்கு வாத்தியாருங்க, நர்சுங்க எல்லாம் இதுலதான் ஏறுவாங்க. டிரிப் கட்டானா மேனேஜர் என்னைத்தான் கேப்பாரு, உங்களை இல்ல."

அது உண்மைதான். டிப்போவில் டிரிப் கட்டுக்குத்தான் விளக்கம் கேட்பார்கள், தளர்ந்த பிரேக்கோடு போய்த் திரும்பிவந்த வண்டிக்கு யாரும் கேட்பதில்லை.

கார்த்தி பதில் சொல்லாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தானே குழிக்குள் இறங்கினான். வலது பக்க அட்ஜஸ்டரைப் பின்னோக்கித் திருப்பிப் பார்த்தான். கடக் கடக்கென்று சத்தம், உடம்பு பாரத்தையே போட வேண்டியிருந்தது. நல்ல அட்ஜஸ்டர் அப்படித்தான் முரண்டு பிடிக்கும். இடது பக்கத்தில் ஸ்பானரை வைத்தான், சத்தமே இல்லாமல் ஒரு கையிலேயே சுற்றியது.

"பாத்தீங்களா?"

"பாக்க என்னங்க இருக்கு, முறுக்கும்போதே கைக்குத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சேவா அனுப்பப் பாத்தீங்க!"

தங்கவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமான் கேட்டு எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு தம்பி. ஸ்டோர்ல இல்ல. இல்லாத சாமானை நான் எங்கிருந்து மாட்டறது?" சார் தம்பியானதை இருவருமே கவனிக்கவில்லை.

கார்த்தி சுற்றுமுற்றும் பார்த்தான். எஃப்சிக்காகச் சுவரோரம் நிற்கிற வண்டியும் அதே மாடல்.

"அதுல இருந்து கழட்டினா?"

"உங்களுக்கு முன்ன இருந்த ஏஇ கையெழுத்துப் போடலை. ஒரு வண்டியில கழட்டி இன்னொண்ணுல மாட்டினா ஆடிட்ல பதில் சொல்லணுமாம்."

கார்த்திக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்துவிட்டு, இரண்டு வண்டி நம்பரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

கழற்றி மாட்டி, டேங்கில் காற்று ஏற்றி, பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பார்க்கப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. தங்கவேல் கேம் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிக் காட்டினார். லேசாக ஆடியது.

"இன்னிக்கு ஓடும். ஆனா புஷ் தேய ஆரம்பிச்சிருச்சு, அதுக்கும் இப்பவே இன்டென்ட் போட்டுருங்க சார். போன மாசம் நான் போட்டது எங்கே போச்சோ தெரியல."