மண்சரிவுக் கையேடு, மூன்றாம் வரைவு: 7, 9, 12ஆம் பக்கங்களுக்கு உங்கள் கருத்து, செப்டெம்பர் 16 புதன் மாலை 6 மணிக்குள்

2026 செப்டெம்பர் 9, புதன்

வணக்கம் சேர்,

நம்ம தோட்டத்து மண்சரிவுக் கையேட்டின் மூன்றாம் வரைவை இத்துடன் அனுப்புகிறேன். கோப்பின் பெயர் mansarivu_kaiyedu_v3.pdf. மொத்தம் 16 பக்கம். திரையில் வாசிப்பது உங்கள் கண்ணுக்குச் சிரமம். அதனால் பெரிய எழுத்தில் அச்செடுத்த பிரதி ஒன்றை நாளைக் காலை தம்பியிடம் கொடுத்து விடுகிறேன். 9ஆம் பக்கம் வரைபடம் என்பதால் அதை மட்டும் தனித்தாளாக வைத்திருக்கிறேன்.

16 பக்கத்தையும் நீங்கள் திருத்த வேண்டாம் சேர். 7, 9, 12 ஆகிய மூன்று பக்கங்களுக்கு மட்டும்தான் உங்கள் கருத்து வேண்டும். செப்டெம்பர் 16 புதன்கிழமை மாலை 6 மணிக்குள் கிடைத்தால் போதும். வியாழக்கிழமை முழுவதும் உங்கள் திருத்தங்களைச் சேர்ப்பேன். வெள்ளி காலை பண்டாரவளை அச்சகத்துக்குக் கொடுத்தால்தான் மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு லயத்துக்கும் போய்ச் சேரும். ஒக்டோபர் பிறந்துவிட்டால் மழை யாருக்காகவும் நிற்காது. போன வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழைக்குப் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்கள் பட்ட பாடு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

7ஆம் பக்கத்துக்குத்தான் உங்கள் நேரம் அதிகம் வேண்டும். இரவில் காம்பராவை விட்டு வெளியேறுவது பற்றிய பக்கம் அது. இப்போது இப்படி இருக்கிறது:

"மலையில் இருந்து உறுமுகிற சத்தம் கேட்டால், மரம் முறிகிற சத்தம் கேட்டால், ஓடைத் தண்ணீர் திடீரென்று சேறாக மாறினால், அல்லது மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் குறைந்தால், உடனே வெளியேறுங்கள். யாராவது வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஓடை வழியாகக் கீழே இறங்க வேண்டாம். பக்கவாட்டில் விலகிப் போங்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடையாள அட்டை, நகை, புத்தகப் பை எதையும் தேடி நிற்காதீர்கள்."

இதில் இரண்டு விஷயம் கேட்கிறேன். முதலாவது, தூக்கத்தில் இருந்து எழும்பிய ஆளுக்கு இது நினைவில் நிற்குமா? ஓடையில் தண்ணீர் குறைவது ஏன் ஆபத்து என்று நான் விளக்கவில்லை. மேலே எங்கோ மண் விழுந்து தண்ணீரை மறித்துக்கொண்டிருக்கிறது, மறித்தது உடைந்தால் எல்லாம் சேர்ந்து வரும் என்று ஒரு வரி எழுதலாம். எழுதினால் பக்கம் நீளும், எழுதாவிட்டால் "தண்ணீர் குறைந்தது நல்லதுதானே" என்று படுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அந்த வரி வேண்டுமா வேண்டாமா என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, அந்தக் கடைசி வாக்கியம். அடையாள அட்டையைத் தேடி நிற்காதீர்கள் என்று எழுதுவது எளிது, நம்ம ஆட்கள் கேட்பார்களா? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரஜாவுரிமை போய், 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரைக்கும் காகிதத்துக்காக அலைந்த குடும்பங்கள் இவை. பிறப்புச் சான்றிதழ் ஒன்று எடுக்க ஒரு நாள் பேரை விட்டுவிட்டு டவுனுக்கும் கச்சேரிக்கும் ஏறி இறங்கியவர்கள். அந்தத் தகரப் பெட்டியை விட்டுவிட்டு வா என்றால் பாட்டிமார் திரும்பி உள்ளே போவார்கள். அப்படித் திரும்புகிற சில நிமிடம்தான் உயிரை எடுக்கும்.

அதனால் 6ஆம் பக்கத்தின் அடியில் இதைச் சேர்த்திருக்கிறேன்: "மழைக்காலம் தொடங்கும் முன்பே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், பிள்ளையின் கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் போட்டு வாசற்கதவுப் பக்கம் ஆணியில் மாட்டி வையுங்கள். போகும்போது கை அதில் பட்டால் எடுங்கள், படாவிட்டால் விட்டுவிடுங்கள்." லயத்துக் காம்பராவில் பெறுமதியான காகிதத்தை வாசல் பக்கத்தில் மாட்டி வைப்பார்களா, களவு போகும் என்று மறுபடி பெட்டிக்குள்ளேயே வைப்பார்களா? நீங்கள் எத்தனையோ பெற்றாரோடு பேசியவர். அவர்கள் செய்யக்கூடிய வேறு வழி உங்களுக்குத் தெரிந்தால் அதையே எழுதுங்கள், என் பந்தியை முழுசாக வெட்டிவிடலாம்.

இந்தப் பக்கத்துக்கு இன்னொரு உதவியும் வேண்டும். கொழுந்து எடுக்கப் போகிற யாராவது ஒருவருக்கு இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கத்துக் காம்பரா மாமி வீட்டில்தான் இருப்பார். விளக்கம் எதுவும் சொல்லாமல் ஒரே தடவை வாசித்துவிட்டு, "இப்ப என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை அப்படியே எனக்கு அனுப்புங்கள். நல்லா இருக்கு என்ற பாராட்டை விட அந்தப் பதில் எனக்குப் பெரிசு.

அடுத்தது 9ஆம் பக்கம், வழி வரைபடம். மேற்கணக்கு லயங்களில் இருந்து பாடசாலைக்கு வருவதற்கு பீலிப் பக்கக் குறுக்கு வழியைக் காட்டவில்லை. பகலில் எல்லாரும் அதில்தான் வருகிறார்கள், ஆனால் அது ஓடையைக் கடக்கிறது. அதனால் ஸ்டோர் ரோட்டைச் சுற்றி வருகிற நீளமான வழியைச் சிவப்புக் கோட்டில் போட்டிருக்கிறேன். பல வருடம் பாடசாலைக் குவாட்டர்ஸில் இருந்தவர் நீங்கள். கடும் மழை இரவில் அந்த ரோட்டில் எந்த இடத்தில் தண்ணீர் குறுக்கே பாயும், கோயிலுக்குக் கீழே உள்ள போக்கு நிரம்புமா, கரை இடிந்து விழுகிற வளைவு எது என்று பேனையால் வட்டம் போட்டுத் தாருங்கள். கர்ப்பிணியோ முழங்கால் வலி உள்ளவரோ அந்த வழியால் நடக்க முடியாது என்றால் அதையும் எழுதுங்கள். இந்த ஒரு பக்கத்தில் மட்டும் உங்கள் பேச்சே முடிவு. நான் எதிர்க்கேள்வி கேட்க மாட்டேன். இரவில் பாடசாலையைத் திறக்கும் சாவி விஷயம் பேசி முடிந்தது, அதை நீங்கள் யோசிக்க வேண்டாம்.

12ஆம் பக்கத்துக்கு ஒரு சொல் பதில் போதும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் நடந்ததை அங்கே எழுதியிருக்கிறேன். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தும் சனங்கள் அதே லயத்தில்தான் இருந்தார்கள் என்பதையும் எழுதியிருக்கிறேன். இது 'அ' வடிவம். 'ஆ' வடிவத்தில் இடத்தின் பெயரும் திகதியும் இல்லை, "நம்ம மலைநாட்டிலேயே நடந்தது" என்று மட்டும் இருக்கிறது. இரண்டும் அடுத்தடுத்து அச்சிட்டிருக்கிறேன். எனக்கு 'அ' தான் சரி என்று படுகிறது. பெயரைச் சொல்லாமல் எழுதினால் அது எங்கேயோ யாருக்கோ நடந்த கதை ஆகிவிடும். ஆனால் அங்கே சொந்தத்தைப் பறிகொடுத்தவர்கள் நம்ம தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை இதை வாசித்துக்கொண்டு வந்து நிற்கும்போது மனசு என்ன பாடுபடும் என்று என்னை விட உங்களுக்குத் தெரியும். 'அ' அல்லது 'ஆ' என்று எழுதி விடுங்கள்.

மற்றப் பக்கங்களில் உங்கள் நேரம் போக வேண்டாம். 4, 5இல் உள்ள மழை அளவுகள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை அளவுகள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் அவதானம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம், ஒரே மணி நேரத்தில் 75 விழுந்தாலும் வெளியேற்றம். அவை மாறாது. பிரதேச செயலகத்தில் அனர்த்த முகாமைத்துவம் பார்க்கிற உத்தியோகத்தர் அந்தப் பக்கங்களைப் பார்க்கிறார். 13ஆம் பக்கம், கைக்குழந்தையும் கர்ப்பிணியும் பற்றியது, நம்ம குடும்பநல உத்தியோகத்தர் அக்காவிடம் இருக்கிறது. 117 இலக்கம் பின் அட்டையில் பெரிசாக வருகிறது. எழுத்துப் பிழை கடைசியாக ஒரே தடவையில் பார்க்கப்படும், சந்தி விட்டுப்போனது கண்ணில் பட்டாலும் தாண்டிப் போங்கள். காம்பரா, கான், பீலி, இஸ்தோப்பு என்று எழுதியதை மாற்ற வேண்டாம், அது வேண்டுமென்றே எழுதியது. படங்கள் இன்னும் வரையப்படுகின்றன, இப்போது இருப்பவை இடம் பிடிக்க வைத்தவை.

பதிலை எழுதி அனுப்பத்தான் வேண்டும் என்றில்லை. அச்சுப் பிரதியிலேயே கிறுக்கி வையுங்கள், பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டால் போதும். குரல் பதிவும் சரிதான், பக்க எண்ணை முதலில் சொல்லிவிட்டுப் பேசுங்கள். பிடிக்காததைப் பிடிக்காது என்றே சொல்லுங்கள் சேர். "இந்தப் பக்கமே வேண்டாம்" என்றாலும் இந்தக் கிழமை கேட்டால் எடுத்துவிடலாம், அச்சடித்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

நேரம் குறைவாக இருந்தால் 9ஐ மட்டும் பாருங்கள். புதன் மாலைக்குள் எதுவும் வரவில்லை என்றால் 7ஆம் பக்கம் இப்போது இருக்கிறபடியும் 12ஆம் பக்கம் 'ஆ' வடிவத்திலும் போகும். வரைபடத்தை மட்டும் நம்ம ரோட்டை இரவில் நடந்து பழகிய ஒருவர் சரி சொல்லாமல் அச்சிட மாட்டேன். ஆகவே இந்தக் கிழமை உங்களால் முடியாது என்றால் 14ஆம் திகதி திங்கட்கிழமைக்குள் ஒரு மிஸ்ட் கோல் கொடுங்கள். ஓய்வுபெற்ற பெரிய கணக்கப்பிள்ளை ஐயாவிடம் வரைபடத்தைக் கொண்டுபோக எனக்கு இரண்டு நாள் கிடைக்கும்.

அப்புறம், பின் உள்ளட்டையில் உதவியவர்கள் பெயர் போடுகிறோம். உங்கள் பெயரைப் போடலாமா, "ஓய்வுபெற்ற அதிபர்" என்று சேர்க்கலாமா என்பதையும் அதே பதிலில் சொல்லிவிடுங்கள். டீச்சரம்மாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் விட்டு மாலை 3 மணிக்குப் பிறகு எப்போது அழைத்தாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் மாணவி
சுகந்தி