2023-24: அடக்கவிலை லாபத்தையும் நிதிக்கணக்கு லாபத்தையும் சரிகட்டும் பட்டியல்

மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

ஐயா, அடக்கவிலைப் புத்தகம் ரூ.48,60,000 லாபம் காட்டுகிறது. நிதிக்கணக்கில் வரிக்கு முன் லாபம் ரூ.42,65,000. இடையில் நிற்கும் ரூ.5,95,000 எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்டதற்கான கணக்கு இது.

| விவரம் (31-3-2024 முடிய) | ரூ. | ரூ. |
|---|---|---|
| அடக்கவிலைக் கணக்கின்படி லாபம் | | 48,60,000 |
| கூட்டுக: | | |
| மேற்செலவு அதிகம் ஏற்றியது (62,40,000 – 60,90,000) | 1,50,000 | |
| சொந்தக் குடோனுக்குக் கற்பித வாடகை | 2,40,000 | |
| வங்கி வைப்பு வட்டி வரவு | 85,000 | |
| தொடக்கச் சரக்கு வேறுபாடு (26,40,000 – 26,00,000) | 40,000 | 5,15,000 |
| | | 53,75,000 |
| கழிக்க: | | |
| டெர்ம் லோன், கேஷ் கிரெடிட் வட்டி | 7,80,000 | |
| தேய்மானம் குறைவாக ஏற்றியது (9,40,000 – 8,10,000) | 1,30,000 | |
| இறுதிச் சரக்கு வேறுபாடு (31,20,000 – 30,05,000) | 1,15,000 | |
| பழைய லேத் விற்ற நட்டம் | 60,000 | |
| நன்கொடை | 25,000 | 11,10,000 |
| நிதிக்கணக்கின்படி லாபம் | | 42,65,000 |

பெரிய தொகை வட்டிதான். பம்ப் செய்ய ஆகும் செலவு வேறு, அதற்குப் பணம் புரட்டிய செலவு வேறு என்பதால் நம் அடக்கவிலைப் புத்தகத்தில் வட்டியை ஏற்றுவதில்லை. ஆனால் விலை பேசும்போது இந்த 7,80,000 மனதில் இருக்கட்டும். அடக்கவிலை லாபத்தை மட்டும் நம்பித் தள்ளுபடி கொடுத்தால் வட்டிக்குக் கையில் மிஞ்சாது.

தேய்மானம் நமக்கு இயந்திர மணிக்கணக்கில். நிதியில் குறைந்து செல் மதிப்பு முறையில். குடோன் வாடகை யாருக்கும் கொடுத்த பணமில்லை, அதனால் நிதியில் இல்லை.

நான் நின்று பார்த்தது இறுதிச் சரக்கை. நாம் எடையிட்ட சராசரியில் மதிப்பிடுகிறோம். நிதியில் முதலில் வந்தது முதலில் போகும் முறை. இரும்பு விலை ஏறியதால் அங்கே சரக்கு ரூ.35,000 கூடுதலாகத்தான் வந்தது. பிறகு கணக்கியல் தரநிலை 2 சொல்கிறபடி, அடக்கம், விற்றால் நிகரமாகத் தேறும் தொகை இரண்டில் எது குறைவோ அதற்கு இறக்கியதில் ரூ.1,50,000 போயிற்று. அந்த இறக்கம் முழுவதும் பின்பக்க ஷெட்டில் கிடக்கும் பழைய மாடல் வார்ப்புகளுக்கு. நேரில் போய் எண்ணினேன்: 120 உருப்படி. ஒன்றின் அடக்கம் ரூ.1,800, பழைய இரும்பாகப் போட்டால் தேறுவது ரூ.550. ஒன்றுக்கு ரூ.1,250 இழப்பு.

இதே ரூ.1,15,000 வரும் ஆண்டு தொடக்கச் சரக்கு வேறுபாடாகத் திரும்பி வரும். அப்போது கூட்டும் பக்கம் எழுத வேண்டும். இந்த ஆண்டு கூட்டிய 40,000-மும் போன ஆண்டின் இறுதி வேறுபாடுதான்.

மேற்செலவு ஏற்றும் விகிதத்தை ஜூலையில் திருத்தத் தங்கள் அனுமதி வேண்டும். வார்ப்புகளை விற்பதா, உருக்குவதா என்று ஆடிட்டர் வருமுன் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அடக்கவிலைக் கணக்கர், பம்ப்செட் பிரிவு, கோயம்புத்தூர்