அரைப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை அம்மாயி பேசியதை அன்றிரவே போனில் ஓடவிட்டுக் கேட்டு, அரைப் பக்கமாகச் சுருக்கிவிடுவான் கதிர். அடுத்த ஞாயிறு படித்துக் காட்ட வேண்டும். காலமெல்லாம் பரீட்சைப் பேப்பர் திருத்தியவர். கமா விட்டுப்போனாலும் விடமாட்டார்.

"1991. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம். கீரனூர் பக்கத்துக் கிராமங்களில் பகலில் பள்ளிக்கூடம், இரவில் கல்லுடைக்கும் பெண்களுக்கு வகுப்பு. பெண்கள் சைக்கிள் பழக வேண்டும் என்று கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முனைப்புக் காட்டினார். கணவரின் ஒத்துழைப்புடன் நானும் பழகினேன்."

"நிறுத்து. யாரு ஒத்துழைப்பு?"

"தாத்தாவோட."

"நான் அப்படியா சொன்னேன்? அந்த ரெக்கார்டிங்கைப் போடு."

போட்டான். நடுவில் குக்கர் விசில்.

"லேடீஸ் சைக்கிளுக்கு எங்க போறது? வாடகைக்குக் கிடைச்சதெல்லாம் பார் வச்ச சைக்கிள். சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு ஏறுவேன். குவாரியில கல்லுடைக்கிற சின்னப்பொண்ணு பின்னாடியே ஓடி வருவா. ராத்திரி 'அ' எழுத நான் அவ கையைப் பிடிப்பேன். விடியக்காலம் அவ என் சீட்டைப் பிடிப்பா. அப்புறம் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. திட்டல. ஆடி பொறந்ததுலேருந்து தீபாவளி வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. ரசம் வேணும்னா உங்கம்மாகிட்ட சொல்லுவாரு, அவ எங்கிட்ட சொல்லுவா..."

கதிர் நிறுத்தினான். "அம்மா படிப்பாங்கல்ல அம்மாயி. தாத்தா படத்துக்கு இன்னும் தினம் பூ வைக்கிறாங்க."

"நானுந்தான் வைக்கிறேன். அதுக்காக இல்லாததை எழுதுவியா?" கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "நான் நல்லாப் பழகினப்புறம் பார்ல உக்காந்து வந்தது யாருன்னு நினைக்கிற? உங்கம்மாதான். அப்ப நாலாங்கிளாஸ். அப்பாகிட்ட சொல்லாதடின்னேன். நேரா போய்ச் சொல்லிட்டா."

கதிருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "இது ரெக்கார்டிங்ல இல்லையே?"

"அவ படிப்பான்னுதான் சொல்லல."

"அப்ப நீங்க மட்டும் விடலாமா?"

"என் கதை. விடறதும் வைக்கிறதும் என் பாடு. ஒத்துழைப்பை அடி. பேசவில்லைன்னு எழுது."

அடித்து எழுதினான். "தீபாவளிக்கு எப்படிப் பேசினாரு?"

"வேட்டி எடுக்க கீரனூர் போகணும். பஸ்ஸு போயிடுச்சு. நான் சைக்கிளை எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னேன். கொஞ்ச நேரம் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தாரு. அப்புறம் கேரியர்ல ஏறி உக்காந்தாரு. வழி முச்சூடும் மூச்சு விடல."

"கடையிலயுமா?"

"இறங்கினதும் சொன்னாரு, பின்பிரேக் சரியாப் பிடிக்கல, கட்டை மாத்துன்னு."

"இதை எழுதலாமா?"

"எழுது. சுருக்காதே."