ஒரு கொக்கி

நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தேர்வு. இரவு பத்தேகாலுக்கு மலர்விழி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஹால் டிக்கெட், இரண்டு பேனா, அடையாள அட்டை. ஹால் டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘அட்டையில் உள்ள பெயரும் இதில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

அட்டையில் மலர்வழி என்று இருந்தது.

நாலு வருஷமாகக் கையில் இருக்கும் அட்டை. வங்கியில் காட்டியிருக்கிறாள், சிம் வாங்கியிருக்கிறாள். ஒருவர் கண்ணிலும் படவில்லை, அவள் கண்ணிலும்தான். சொந்தப் பெயரை யார் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள்?

உதவி எண்ணில் பதிவுக் குரல், காலை பத்து மணிக்குக் கூப்பிடச் சொன்னது. பத்து மணிக்கு அவள் பாதித் தேர்வு எழுதியிருப்பாள்.

“ஒரு கொக்கிதானே அக்கா” என்றான் தம்பி. “மெல்லிசு மார்க்கர் என்கிட்ட இருக்கு. போட்டா யாருக்கும் தெரியாது.”

மார்க்கரை வாங்கி மூடியையும் திறந்துவிட்டாள். வகரத்துக்கு மேலே ஒரு சின்ன வளைவு, அவ்வளவுதான். கை அட்டை வரைக்கும் போனது.

“இப்போ தப்பு அவங்களோடது” என்றாள் அம்மா, வாசற்படியில் நின்றபடி. “நீ கை வச்சா உன்னோடது.”

மார்க்கரை மூடித் தம்பியிடமே எறிந்தாள். அப்புறம் அலமாரியைக் கலைத்துப் பிறப்புச் சான்றிதழையும் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் தேடி எடுத்தார்கள். இரண்டிலும் விழி. பெயர் திருத்தத்துக்குப் போனிலேயே விண்ணப்பித்தாள். படம் ஏறாமல் மூன்று தடவை திரும்பி வந்து, நாலாவது தடவை ஒப்புகை எண் கிடைத்தது. அதை ஒரு தாளில் குறித்து, நடந்ததை ஆறு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டபோது மணி பன்னிரண்டரை. கடைசிப் பாடத்தை ஒருமுறை புரட்டலாம் என்றிருந்தாள். புரட்டவில்லை.

காலையில் வாசலில் இருந்த அம்மையார் அட்டையை வாங்கினார். மலர்விழி உறையிலிருந்து சான்றிதழ்களை உருவத் தொடங்கினாள். அவர் அட்டையைத் தூக்கிப் பிடித்து அவள் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது நீதானாம்மா?”

படத்தில் இரட்டைச் சடை, உப்பிய கன்னம். “நான்தான் மேடம். ஆனா பெயர்ல ஒரு...”

“சரி, பெயரை நான் பார்க்கிறேன். முதல்ல கண்ணாடியைக் கழட்டு.”

கழற்றினாள். அவர் சிரித்துவிட்டார். பிறகு தாள்களை வாங்கி, விரலால் தொட்டுத் தொட்டு எழுத்து எழுத்தாகப் படித்தார். ஆறு வரிக் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

மலர்விழி கையெழுத்திட்டாள். வகரத்தின் கொக்கி மேல் கோட்டைத் தாண்டி, முந்தைய ஆளின் கட்டத்துக்குள் போய் நின்றது.