ஆகஸ்ட் மாசம் பேஜில என்ன போடப்போறம்

அக்காமாருக்கும் தங்கச்சிக்கும், நேற்றுப் பின்னேரம் பந்தலடியில இருந்து கதைச்சதை அப்பிடியே விட்டா மறந்துபோயிடும் எண்டுதான் முழுக்க எழுதிறன், கொஞ்சம் நீளம், ஆறுதலா வாசிச்சிட்டுச் சொல்லுங்கோ.

ஜூலையில எங்கட பனஞ்சாமான் பேஜில ஒரு நாள் விடாமப் போஸ்ட் போட்டிருக்கிறம். விடிஞ்சா இண்டைக்கு என்ன போடுறது எண்டு தேடி, ஒரு நாள் காலை வணக்கம், ஒரு நாள் பூப்படம், ஒரு நாள் யாரோ அனுப்பின கோயில் வாழ்த்து, இடையில ஒருக்கா புழுக்கொடியல் பைக்கற். நேற்று இரவு இன்பொக்ஸை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சன். வாழ்த்துப் படத்தைப் பாத்து ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. கேட்ட ஆக்கள் எல்லாரும் கேட்டது கிட்டத்தட்ட ஒரே கேள்வியள்: விலை என்ன, கொழும்புக்கு அனுப்புவியளோ, இதை எப்பிடிச் செய்யிறனீங்கள், வாங்கினா எப்பிடிச் சமைக்கிறது. கனடாவில இருக்கிற ஒரு அக்கா எழுதியிருந்தா, ஒடியல் மா இருக்கு, கைச்சல் எப்பிடி எடுக்கிறது, அம்மா இருக்கேக்க அவதான் செய்து தருவா, நான் கேட்டு வைக்கேல்லை எண்டு. அதுக்கு நாங்கள் நாலு நாள் கழிச்சுத்தான் பதில் போட்டிருக்கிறம், அந்த நாலு நாளும் பேஜில பூப்படம். எனக்கு அதுதான் மனசில குத்திக்கொண்டே இருக்கு.

அதால இந்த மாசம் தினமும் வேண்டாம். செவ்வாய், வியாழன், சனி மட்டும். நாலு விசயத்தைச் சுத்தித்தான் போடுவம், அதுக்கு வெளியால ஒண்டும் போடுறேல்லை: நாங்கள் எப்பிடிச் செய்யிறம், வாங்கின ஆக்கள் எப்பிடிச் சாப்பிடுறது, பனையைப்பற்றி எங்களுக்குத் தெரிஞ்சது, விலையும் ஓடரும். நாலும் சனம் கேட்டதில இருந்து வந்தது, நாங்களா யோசிச்சு எடுத்தது இல்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் பனாட்டுக்கு. இதைத்தான் நான் பெரிசா நினைக்கிறன், ஏனெண்டா பழம் இப்ப விழத் தொடங்கிட்டுது, பழம் பொறுக்கிறதில இருந்து பனாட்டு உரிக்கிற வரைக்கும் மூண்டு கிழமை போகும், அப்ப மாசம் முழுக்க ஒரே பந்தலைக் காட்டலாம். 4ஆம் திகதி, இரவு விழுந்த பழத்தை விடிய வெள்ளன பொறுக்கிறது. 11ஆம் திகதி, பழத்தைக் கழுவித் தோலை உரிச்சுக் களி பிசையிறதும் பாயில முதல் பூச்சுப் பூசுறதும். இதில பெரியக்கா உங்கட கையைக் கிட்டத்தில எடுக்கவேணும், முகம் வேண்டாமெண்டா வேண்டாம், தும்புக்குள்ள விரலை விட்டு இழுக்கேக்க அந்த மஞ்சள் களி முழங்கை வரைக்கும் வழியுமே, அது ஒண்டே காணும். 18ஆம் திகதி அதே பாய், அதே மூலையில நிண்டு எடுத்த படம், மேல மேல பூசித் தடிச்சிருக்கும், நிறமும் மாறியிருக்கும். 25ஆம் திகதி பாயில இருந்து உரிச்சு வெட்டுறது. ஒவ்வொரு செவ்வாயும் போன கிழமைப் படத்தையும் பக்கத்தில வைப்பம். சோளகக் காத்துக்கு றோட்டுப் புழுதி வருதெண்டு பந்தலை வீட்டுக்குப் பின்னால மாத்தினமே, அதையும் ஒரு வரி எழுதவேணும், சுத்தமா செய்யிறம் எண்டு வெறுமனே சொல்லுறதை விட அது நம்பிக்கை தரும்.

வியாழன் சாப்பாடு. 6ஆம் திகதி பனங்காய்ப் பணியாரம். 13ஆம் திகதி ஒடியல் கூழ், அந்தக் கனடா அக்காவுக்காகவே அதைக் கவனமா செய்யவேணும். எழுத்தை இப்பவே எழுதிட்டன், பிழை இருந்தா திருத்துங்கோ:

"ஒடியல் மாவைத் தண்ணியில ஊறப்போட்டு, மா அடியில படிஞ்சாப்பிறகு மேல நிக்கிற தண்ணியை மெல்ல வாத்து ஊத்துங்கோ. ரெண்டு மூண்டு தரம் தண்ணி மாத்தினா கைச்சல் குறையும். மீன், நண்டு, றால், மரவள்ளி, பயித்தங்காய், பிலாக்கொட்டை எல்லாம் அவிஞ்சு வரேக்க, புளியும் அரைச்ச செத்தல் மிளகாயும் சேத்து, கடைசியில மாவைக் கரைச்சு விட்டுக் கைவிடாமக் கிண்டுங்கோ. எங்கட வீட்டில பிலாவிலையைக் கோலித்தான் குடிக்கிறது. உங்கட வீட்டுக் கூழுக்கு வேற என்ன போடுவியள்?"

கடைசிக் கேள்வியை எடுக்கவேண்டாம், ஊருக்கு ஊர் கூழ் வேற, சனம் கட்டாயம் வந்து சொல்லும்.

20ஆம் திகதி புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும், சின்னப் போஸ்ட். 27ஆம் திகதிக்கு நான் ஒண்டும் வைக்கேல்லை, அதுவரைக்கும் வந்த கேள்வியளில நல்ல ஒண்டை எடுத்துப் பதில் சொல்லுவம்.

சனிக்கிழமையில 1ஆம் திகதியும் 29ஆம் திகதியும் வியாபாரம். விலையைப் படத்திலயே எழுதுவம், "இன்பொக்ஸ் பண்ணவும்" எண்டு இனி எழுதுறேல்லை. 1ஆம் திகதிக்கு இது:

"இந்த மாசம் எங்களிட்ட இருக்கிறது: ஒடியல் மா 500 கிராம் 650 ரூபா, புழுக்கொடியல் 250 கிராம் 400 ரூபா, குட்டான் பனங்கட்டி ஒண்டு 300 ரூபா. விசுவமடுவில நேர வந்து வாங்கலாம். கொழும்புக்குப் புதனும் சனியும் இரவு பஸ்ஸில பார்சல் போகும், பார்சல் காசு தனி. வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் இஞ்ச இருக்கிற சொந்தக்காரருக்கு ஓடர் குடுக்கலாம். புதுப் பனாட்டு மாசக் கடைசியில."

நடுவில வாற சனியள் பனைக்கும் ஓலைக்கும். 8ஆம் திகதி சின்னக்கா சார்வோலை வாந்து பெட்டி இழைக்கிறது. 15ஆம் திகதி மடுமாதா திருவிழா, எங்கட ஆக்கள் ரெண்டுபேர் போகினம், வாடிக்கைக்காரரும் கனபேர் அங்கதான், அண்டைக்குப் பேஜைச் சும்மா விடுவம். 22ஆம் திகதி பனங்கொட்டை: களி எடுத்த கொட்டையை எறியாமப் பாத்தி போட்டா, மழைக்கு முளைச்சு, மார்கழி தையில கிழங்கு கிண்டலாம், அந்தக் கிழங்குதான் அவிச்சுக் காய்ஞ்சா புழுக்கொடியல், பச்சையாக் காய்ஞ்சா ஒடியல். இது எங்களுக்குச் சாதாரணம், ஆனா கொழும்பில பிறந்து வளந்த பிள்ளையளுக்கு ஒடியலும் பனாட்டும் ஒரே பழத்தில தொடங்குது எண்டு தெரியாது, போன மாசம் ஒருத்தர் அப்பிடியே கேட்டவர்.

நேரம் பின்னேரம் ஏழரை. லண்டனில அப்ப மூண்டு மணி, ரொறொன்ரோவில விடிய பத்து. இஞ்சையும் வேலையால வந்து ஆக்கள் போனைப் பாக்கிற நேரம்.

தங்கச்சி, உனக்குத்தான் போன் பிடிக்கிற வேலை. ஞாயிறு ஒரு நாள் விடிய எடுத்தா அந்தக் கிழமைக்குக் காணும், ஒவ்வொரு நாளும் அந்தரப்படத் தேவையில்லை. போனைப் படுக்கப் பிடியாத, நேராப் பிடி, வெயில் முதுகுக்குப் பின்னால இருக்கட்டும். இன்பொக்ஸ் நான் பாக்கிறன், வந்த அண்டைக்கே பதில் போகும். யாருக்காவது திடீரெண்டு நல்ல படம் கிடைச்சா உடன போடாம குறூப்பில போடுங்கோ, நாலு விசயத்தில எதுக்குள்ள வருதெண்டு பாத்து வைப்பம், ஒண்டுக்குள்ளயும் வராட்டி அது எங்கட போனிலயே இருக்கட்டும்.

மாசம் முடிய எத்தினை லைக் எண்டு பாக்கத் தேவையில்லை, எத்தினை பேர் கேட்டவை, அதில எத்தினை பேர் வாங்கினவை எண்டதை மட்டும் கொப்பியில எழுதுவம். ஜூலையில வந்த ஓடர் ஒம்பது, அதை முதல் பக்கத்தில எழுதிட்டன்.

வாற ஞாயிறு விடிய ஆறுக்கு வடலிக்கு வாங்கோ, வெயில் ஏறமுதல் பழம் பொறுக்கிறதை எடுக்கவேணும். பெரியக்கா, உங்கட பெரிய பேசினையும் மறக்காமக் கொண்டு வாங்கோ, என்ரை ஓட்டை.