விடயம்: சனிக்கிழமை டிஸ்ப்ளே மாற்றுவதற்கு முன் வட்ஸ்அப்பைப் பிரதி எடுப்பது

வணக்கம் தம்பி,

நேற்றுப் பின்னேரம் போனில் பேசின களுவாஞ்சிகுடி டீச்சர் எழுதுகிறேன். சனிக்கிழமை பத்து மணிக்குள் பஸ்ஸில் டவுனுக்கு வந்துவிடுவேன். அதற்கு முன் ஒரு விஷயம்.

போன் சாம்சங் ஏ53. விழுந்ததிலிருந்து திரையின் வலது ஓரம் ஒரு விரல் அகலத்துக்குத் தொட்டால் வேலை செய்வதில்லை; படம் தெரிகிறது. வட்ஸ்அப்பின் மூன்று புள்ளி சரியாக அந்த ஓரத்தில்தான் இருக்கிறது! அதனால் பெக்கப் எடுக்க முடியாமல் நிற்கிறேன்.

வீடு கட்டுகிற மேசனோடு பேசின கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. எத்தனை மூட்டை சீமெந்து, எந்தக் கிழமை எவ்வளவு கொடுத்தது, எல்லாம் வொய்ஸ் மெசேஜ். கொப்பியில் எழுதி வைக்காதது என் பிழைதான். டிஸ்ப்ளே மாற்றினால் ஒன்றும் அழியாது என்று சொன்னீர்கள், நம்புகிறேன். ஆனால் போன வருசம் வேறொரு கடையில் மகனின் போனைக் கேட்காமலே ரீசெட் பண்ணிவிட்டார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

உங்களிடம் ஓடிஜி கேபிளும் மவுஸும் இருந்தால் முதலில் அதைப் போட்டுத் தாருங்கள். அப்புறம் நானே Chat backup-க்குள் போய்ப் புதிதாக ஒன்று எடுக்கிறேன். கூகுளின் இலவச 15 ஜிபி நிரம்பிவிட்டதால் மேலே ஏறாது. போனுக்குள் விழுவதே போதும். பிறகு கேபிளில் என் லெப்டொப்புக்கு இந்த போல்டரை முழுதாக இறக்க வேண்டும்:

```
Android/media/com.whatsapp
```

Databases-க்குள் இருக்கும் msgstore கோப்பு கடைசியாக மாறின திகதி அன்றைய திகதிதானா என்று இரண்டு பேரும் பார்ப்போம். வொய்ஸ் கோப்புகளின் பெயர் PTT-20240612-WA0003.opus என்கிற மாதிரி திகதியோடு இருக்கும், ஆனால் யார் பேசினது என்று பெயரில் தெரியாது. அதனால் மேசனோடு பேசின chat-ஐ மட்டும் Export chat-இலும் எடுத்துக்கொள்கிறேன். கடைக் கம்பியூட்டரில் எதுவும் இறக்க வேண்டாம், கோபிக்காதீர்கள்.

சிம்மைக் கழற்றி என்னிடமே வைத்திருப்பேன். திரும்ப ஏற்ற வேண்டி வந்தால் வட்ஸ்அப் கேட்கும் கோட் அந்த நம்பருக்குத்தான் வரும். பின் நம்பரும் தர மாட்டேன். Maintenance mode போட்டுத் தருகிறேன், அதில் தொடுகை, கெமரா எல்லாம் சோதிக்கலாம், என் படமும் மெசேஜும் தெரியாது. அப்டேட், ரீசெட் எதுவும் வேண்டாம். தேவைப்பட்டால் எனக்கு அடியுங்கள், மகனின் போன் கையில் இருக்கும்.

இன்னொன்று, இதில் விரல் அடையாளம் திரைக்கு அடியில் இருக்கிறது. நீங்கள் போடும் டிஸ்ப்ளேயில் அது வேலை செய்யுமா? ஒரிஜினலுக்கும் மற்றதுக்கும் தனித்தனியாக விலை எழுதி அனுப்புங்கள். மவுஸ் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்தில் கேட்டு எடுத்து வருகிறேன்.

நன்றி தம்பி,
களுவாஞ்சிகுடி டீச்சர்