சிங்கப்பூர் நகர மன்றம் ஒன்றின் 2024/25 வரவுசெலவுத் திட்டம்: நிதிக் குழுவின் முன் நிதி மேலாளர் அளித்த விளக்கம்

தலைவர் அவர்களே, நிதிக் குழு உறுப்பினர்களே, குடியிருப்பாளர்கள் சார்பில் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். இன்று அழைக்கப்பட்டிருப்பவர்களில் பலர் தமிழ் பேசுபவர்கள் என்பதால் தமிழிலேயே விளக்கும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். உங்கள் கையிலுள்ள அட்டவணையின் வரிசைப்படியே நான் பேசப்போகிறேன். எந்த வரியில் சந்தேகம் எழுந்தாலும் அங்கேயே என்னை நிறுத்திக் கேட்கலாம்.

முதலில் வரவு. 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை நம் நகர மன்றத்துக்கு 33 மில்லியன் வெள்ளி வரும் என்று மதிப்பிட்டிருக்கிறோம். வீடுகளின் சேவை, பராமரிப்புக் கட்டணம் 25.2 மில்லியன், கடைகளும் உணவங்காடிக் கடைகளும் கட்டுவது 2.4 மில்லியன், அரசாங்க மானியம் 5.4 மில்லியன். கட்டணத்தை இந்த ஆண்டு உயர்த்தவில்லை. சென்ற ஜூலையில்தான் உயர்த்தினோம்; அடுத்தடுத்து இரண்டு ஆண்டு உயர்த்துவது குடும்பங்களுக்குச் சுமை என்பது இந்தக் குழுவே எடுத்த முடிவு.

இந்த 33 மில்லியனும் செலவழிக்கக் கிடைக்கும் பணம் அன்று. சட்டப்படி இதில் 26 விழுக்காட்டை நீண்டகாலப் பராமரிப்பு நிதியிலும், 14 விழுக்காட்டை மின்தூக்கி மாற்று நிதியிலும் முதலில் போட்டுவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து 40 விழுக்காடு, அதாவது 13.2 மில்லியன் வெள்ளி. நான்கறை வீட்டுக்காரர் ஒருவர் மாதம் 70 வெள்ளி கட்டுவதாக வைத்துக்கொண்டால், அதில் 28 வெள்ளி தொடமுடியாத கணக்குக்குப் போய்விடுகிறது. இந்த நிதி ஏற்கெனவே பெரிதாக இருக்கும்போது ஓராண்டு மட்டும் குறைத்துப் போட்டால் பற்றாக்குறையே வராதே என்று சென்ற கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். விழுக்காட்டைச் சட்டம் நிர்ணயித்துவிட்டதால் குறைக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. அதிகாரம் இருந்தாலும் குறைக்கச் சொல்லமாட்டேன். நம் பேட்டையின் கட்டடங்களில் பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரே காலத்தில் கட்டப்பட்டவை; ஆகவே அவற்றின் கூரையும் குழாயும் மின்தூக்கியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பழையதாகும். அந்தச் செலவு ஏதோ ஓர் ஆண்டில் மொத்தமாக வந்து நிற்கும். அப்போது கட்டணத்தை இரட்டிப்பாக்கச் சொல்ல இங்கு யாருக்கும் மனம் வராது.

அந்த நிதி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்டிருந்தீர்கள். வங்கிகளின் நிரந்தர வைப்புகளிலும் சிங்கப்பூர் அரசாங்கப் பத்திரங்களிலும் மட்டுமே இருக்கிறது. 2008-இல் லேமன் பிரதர்ஸ் சரிந்தபோது அதனுடன் தொடர்புடைய முதலீடுகளில் சில நகர மன்றங்கள் பணம் இழந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கூடுதல் வட்டிக்கு ஆசைப்படுவது என் பொறுப்பில் இருக்கும் வரை நடக்காது.

ஆக, அன்றாடச் செலவுக்கு எஞ்சுவது 19.8 மில்லியன். நாங்கள் கேட்பதோ 20.9 மில்லியன். 1.1 மில்லியன் துண்டு விழுகிறது. இனி வரி வரியாக.

துப்புரவுப் பணி 7.9 மில்லியன். அட்டவணையில் மிகப் பெரிய வரி இது. சென்ற ஆண்டைவிட 6 இலட்சம் வெள்ளி கூடுதலாகவும் இருக்கிறது. எதையாவது வெட்டவேண்டும் என்றால் எல்லாருடைய கண்ணும் முதலில் இங்கேதான் விழும், அது இயல்பு. ஆனால் இந்த 6 இலட்சம் எதனால் வந்தது என்று பார்க்கவேண்டும். படிப்படியாக உயரும் சம்பள முறையின்படி, பொதுத் துப்புரவாளரின் அடிப்படை மாதச் சம்பளம் 2024 ஜூலை 1 அன்று 1,570 வெள்ளியிலிருந்து 1,740 வெள்ளியாகிறது. ஓர் ஆளுக்கு 170 வெள்ளி. நம் குத்தகையில் 250 பேர் வேலை செய்கிறார்கள். ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதத்துக்குக் கணக்கிட்டால் இதுவே 3 இலட்சத்து 82 ஆயிரத்து 500 வெள்ளி. மத்திய சேமநிதிச் சந்தா இதன்மேல் தனி. மிச்சம், தேய்ந்துபோன தரை கழுவும் இயந்திரங்களுக்கும் சவர்க்காரம், குப்பைப் பை போன்றவற்றின் விலையேற்றத்துக்கும் போகிறது. சம்பளப் படியை நாம் தீர்மானிப்பதில்லை. குத்தகை ஒப்பந்தத்திலேயே அதைத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

அப்படியென்றால் ஆட்களைக் குறைக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு துப்புரவாளர் காலை ஏழு மணிக்கு வேலையைத் தொடங்கினால், கீழ்த்தளத்தைப் பெருக்கி, மின்தூக்கிகளுக்குள் துடைத்து, குப்பைக் குழாயின் அடியில் நிறைந்த தொட்டியை மாற்றிவிட்டு, பிறகு மேல்மாடியிலிருந்து ஒவ்வொரு தாழ்வாரமாகப் பெருக்கிக்கொண்டு கீழே இறங்குகிறார். அவர் பொறுப்பில் ஒரு புளோக் மட்டும் இருப்பதில்லை. ஆட்களில் பத்தில் ஒருவரைக் குறைத்தால், தாழ்வாரங்களைக் கழுவும் இடைவெளி நீளும் என்பதைவிட, குப்பைத் தொட்டியை மாற்றுவது மதியத்துக்குத் தள்ளிப்போகும் என்பதே எனக்குக் கவலை. நம் வெயிலில் அரை நாள் தாமதம் போதும், கரப்பானும் எலியும் வந்து சேரும். பிறகு அதே பணத்தைப் பூச்சி ஒழிப்பு வரியில் செலவழிப்போம். அந்த வரி இப்போது பெரிய தட்டுமுட்டுச் சாமான்களை அகற்றுவதையும் சேர்த்து 7 இலட்சம் வெள்ளி. அதை உயர்த்தவேண்டாம் என்பதே என் வாதம். டெங்கிக் கொசு உற்பத்தியாகாமல் வடிகால்களைப் பார்த்துக்கொள்வதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

மின்தூக்கிப் பராமரிப்பு 3.3 மில்லியன். ஏறக்குறைய 800 மின்தூக்கிகள், ஒன்றுக்கு மாதம் சுமார் 344 வெள்ளி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பராமரித்தால் போதாதா என்ற யோசனை எழுத்துமூலம் வந்திருக்கிறது. 2016-க்குப் பிறகு மின்தூக்கி விதிகள் கடுமையாக்கப்பட்டன. மாதந்தோறும் பதிவுபெற்ற குத்தகையாளர் வந்து பார்க்கவேண்டும். ஆண்டுதோறும் சோதனை செய்து, கட்டட, கட்டுமான ஆணையத்திடம் இயக்க அனுமதி பெறவேண்டும். ஆகவே அந்த யோசனைக்கு இடமில்லை. இன்னொன்றையும் கவனத்தில் வையுங்கள். பத்தாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் மூதாட்டிக்கு மின்தூக்கி நின்றுபோனால், அன்றைக்கு அவருக்கு மருத்துவமனைச் சந்திப்பும் இல்லை, ஈரச்சந்தையும் இல்லை. கதவு உருளையும் கம்பி வடமும் பழுதாகும் முன்பே மாற்றப்படுவதற்கான பணம் இந்த வரியில் இருக்கிறது. இதில் ஒரு வெள்ளியைக்கூடக் குறைக்க நான் பரிந்துரைக்கவில்லை.

மின்சாரம் 3.4 மில்லியன். தாழ்வார விளக்குகளைத் தாமதமாகப் போடலாம், சீக்கிரம் அணைக்கலாம் என்ற கோரிக்கை ஆண்டுதோறும் வருகிறது. சிங்கப்பூரில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கே மறைந்து ஏழு மணிக்கே உதிப்பதால், பருவத்துக்கு ஏற்ப நேரத்தைச் சுருக்கிச் சேமிக்கும் வாய்ப்பு நமக்குக் கிடையாது. விளக்குகளை எல்இடி வகைக்கு மாற்றும் வேலை முடிந்துவிட்டது. அதில் கிடைக்கவேண்டிய சேமிப்பு ஏற்கெனவே இந்தத் தொகையில் கழிக்கப்பட்டிருக்கிறது. கூரைகளில் உள்ள சூரியசக்தித் தகடுகள், 2014-இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தின்கீழ் வந்தவை. பகலில் மின்தூக்கிகளும் நீரேற்று இயந்திரங்களும் அந்த மின்சாரத்தைப் பயன்படுத்துகின்றன. இரவு விளக்குகளுக்கு அது உதவாது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

தண்ணீர் 5 இலட்சம். 2024 ஏப்ரல் 1 முதல் கன மீட்டருக்கு 20 காசு உயர்கிறது. 2023-இல் அறிவிக்கப்பட்ட 50 காசு உயர்வின் முதல் பகுதி அது. கூரைமேல் உள்ள நீர்த்தொட்டிகளை ஆண்டுக்கொருமுறை சுத்தம் செய்வது கட்டாயம் என்பதால் இங்கே வெட்ட எதுவும் இல்லை.

பொதுப் பழுதுபார்ப்பு 1.7 மில்லியன். நடைபாதை ஓடு பெயர்வது, கைப்பிடி ஆடுவது, கூரையிட்ட நடைவழியில் மழைநீர் ஒழுகுவது ஆகியவை இதில் வரும். சென்ற ஆண்டு வந்த புகார்களின் அளவிலேயே தொகையை நிறுத்தியிருக்கிறோம்.

பசுமைப் பணி 1.2 மில்லியன். இங்கேதான் நாங்களே கத்தரியை எடுத்தோம். துறை அதிகாரி கேட்டது 1.4 மில்லியன். பூப்பாத்திகளைப் புதிதாக நடும் வேலையை முழுவதும் ஒத்திவைத்து 2 இலட்சம் குறைத்திருக்கிறோம். பூக்கள் மனத்துக்கு இதமானவைதாம். ஆனால் ஓராண்டு பொறுத்தால் யாருக்கும் காயம் படாது. கிளைகளை வெட்டும் செலவை மட்டும் தொடவில்லை. விடியற்காலையில் வரும் சுமத்ரா காற்றில் முறிந்து விழும் கிளை, கீழே நிறுத்தியிருக்கும் காரின்மேல் விழுந்தால் இழப்பீடாவது கொடுக்கலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளையின்மேல் விழுந்தால் என்ன கொடுப்பது?

கடைசி வரி, நிர்வாகமும் ஊழியர் சம்பளமும், 2.2 மில்லியன். என்னுடைய சம்பளமும் இதற்குள்தான் இருக்கிறது என்பதால், இதை நானே தற்காப்பதைவிட உங்கள் தணிக்கையாளர் சொல்வதைக் கேட்பது முறை. காலியான இரண்டு இடங்களை இந்த ஆண்டு நிரப்பப்போவதில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். செய்தி மடலை இனி அச்சிடாமல், ஒவ்வொரு கீழ்த்தள அறிவிப்புப் பலகையிலும் நான்கு மொழிகளில் ஒட்டலாம் என்று பரிந்துரைக்கிறேன். தமிழ்ப் பக்கத்தை மற்றவற்றின் அடியில் பொடி எழுத்தில் ஒட்டக்கூடாது என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

இனி அந்த 1.1 மில்லியன் பற்றாக்குறை. 70 வெள்ளிக் கணக்கில் சொன்னால், வரும் ஒவ்வொரு 70 வெள்ளிக்கும் 72 வெள்ளி 33 காசு செலவாகிறது. கட்டணத்தை உயர்த்தவில்லை, சேமிப்பு நிதிகளைத் தொட முடியாது, பணிகளைக் குறைக்கவும் பரிந்துரைக்கவில்லை. எனவே, 2020 தேர்தலுக்குப் பிறகு இந்தத் தவணையில் சேர்ந்திருக்கும் 2.9 மில்லியன் வெள்ளி உபரியிலிருந்து இதை ஈடுகட்ட ஒப்புதல் கேட்கிறேன். ஈடுகட்டிய பிறகு 1.8 மில்லியன் மிஞ்சும். இதையே அடுத்த ஆண்டும் செய்தால் எழுநூறாயிரம்தான் மிஞ்சும். அதற்கு அடுத்த ஆண்டு கை விரிக்கவேண்டியதுதான். எனவே இந்த ஒப்புதலை ஓராண்டுக்கு மட்டும் கொடுங்கள். ஜூலைச் சம்பள உயர்வும் மின்கட்டணமும் உண்மையில் எவ்வளவு ஆயின என்பதை வரும் அக்டோபரில் கணக்கோடு இதே குழுவின் முன் வைக்கிறேன். கட்டணத்தைப் பற்றிய முடிவை அப்போது எடுக்கலாம்.

முதல் தீர்மானம், 20.9 மில்லியன் வெள்ளி செலவுக்கான அங்கீகாரம். இரண்டாவது, உபரியிலிருந்து 1.1 மில்லியன் எடுப்பதற்கான அங்கீகாரம். இரண்டையும் தனித்தனியே வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன், துப்புரவுச் செலவைப் பற்றி இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா கை உயர்த்தியிருக்கிறார். அவருடைய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.